பின்னட்டையில் நிற்கும் நூறு சொற்கள்



தம் முதல் நாவலை எழுதி முடித்துள்ள சகோதரி ஒருவர் சென்ற மாதம் மடல் எழுதியிருந்தார். நாவல் அச்சுக்குப் போகும் நிலையில் இருக்கிறது. பதிப்பாளர் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு, கடைசியாக ஒன்றைக் கேட்டிருக்கிறார்: "பின்னட்டைக்கு நூறு சொற்களில் ஒரு குறிப்பு எழுதித் தாருங்கள்." இருநூற்று நாற்பது பக்கங்களை எழுதிய கை, இந்த நூறு சொற்களின் முன் நின்றுவிட்டதாம். "கதையைச் சொன்னால் முடிவு தெரிந்துவிடுகிறது, முடிவை மறைத்தால் சொல்ல ஒன்றுமே இல்லாமல் போகிறது. என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. இம்மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில், அந்தக் குறிப்பை யார், எந்த நிலையில் படிக்கிறார் என்பதை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். சென்னையில் ஆண்டுதோறும் நடைபெறும் புத்தகக் கண்காட்சிக்குப் போனவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் அரங்கினுள் நுழைகிறார். கையில் ஏற்கெனவே இரண்டு பைகள். பக்கத்தில் தண்ணீர் கேட்கும் குழந்தை. மேசையில் நூற்றுக்கணக்கான நூல்கள். ஒன்றை எடுக்கிறார்; முன்னட்டையைப் பார்க்கிறார்; திருப்புகிறார்; பின்னட்டையில் கண்ணை ஓட்டுகிறார். பிறகு ஒன்று, உள்ளே முதல் பக்கத்தைத் திறக்கிறார். அல்லது எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்கிறார். பெயர் பெற்ற எழுத்தாளருக்குப் பின்னட்டை தேவையில்லை. அவர் பெயரே நூலை எடுக்கச் செய்யும். முதல் நாவல் எழுதியவருக்கு அந்தப் பெயர் இன்னும் இல்லை. அவருக்காகப் பேச அங்கே இருப்பது பின்னட்டை மட்டுமே.

ஆகவே பின்னட்டைக் குறிப்பின் வேலை நூலை விற்பதுகூட அன்று. முதல் பக்கத்தைத் திறக்க வைப்பது. அதற்கப்பால் நாவல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த எல்லையை மனத்தில் நிறுத்திக்கொண்டால், கதை முழுவதையும் சொல்லியாக வேண்டும் என்ற பதற்றம் பாதி குறைந்துவிடும்.

நம் முன்னோர் இந்த வேலையை அறியாதவர்கள் அல்லர். நூலுக்கு முன் நிற்கும் சிறப்புப்பாயிரம் இன்னின்னவற்றைச் சொல்ல வேண்டும் என்று நன்னூல் எட்டுப் பொருள்களை வகுக்கிறது. ஆசிரியர் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. இவற்றுள் பின்னட்டைக்கு உயிரானவை இரண்டு: நூல் எதைப் பற்றியது, யாருக்காக எழுதப்பட்டது. தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதும் நன்னூலின் கருத்தே. ஆகவேதான் பாயிரத்தையும் சாற்றுக்கவியையும் பிறர் எழுதினார்கள். நம் இஸ்லாமியத் தமிழ் நூல்கள் பலவும் புலவர்களின் சாற்றுக்கவியோடுதான் வெளிவந்தன. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் தம் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டபோது, உ.வே.சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். புதிய எழுத்தாளருக்கு அத்தகைய துணை எத்துணைப் பெரிது!

ஆனால் முன்னுரை நூலின் உள்ளே இருக்கிறது. பின்னட்டை வெளியே நிற்கிறது. இந்த வேறுபாட்டை நம் பதிப்பாளர் பலர் கருதுவதில்லை. நேரமில்லாதபோது முன்னுரையிலிருந்து ஒரு பத்தியை வெட்டி, இரண்டு பக்கமும் புள்ளிகள் வைத்துப் பின்னட்டையில் ஒட்டிவிடுகிறார்கள். முன்னுரை எழுதியவரோ நாவலை முழுமையாகப் படித்தவர். முடிவை நெஞ்சில் வைத்துக்கொண்டு எழுதியவர். அவருடைய ஒரு வரியில், "கதாநாயகியின் இறுதித் தியாகம் நம்மை உலுக்குகிறது" என்று இருக்கும். உள்ளே அது பாராட்டு. வெளியே அது முடிவைக் காட்டிக் கொடுத்தல். சகோதரியிடம் பதிப்பாளர் குறிப்பைக் கேட்டாரே, அதற்காக அவரை வாழ்த்த வேண்டும்.

இனி எழுதும் முறைக்கு வருவோம். அச்சாகாத அவருடைய கதையை இங்கே விரித்து அலசுவது முறையாகாது. எனவே விளக்கத்திற்காக ஒரு கதையை நாமே அமைத்துக்கொள்வோம்.

1988ஆம் ஆண்டு. ஆற்றங்கரையில் ஓர் ஊர். ஜைனம்புவின் கணவர் காதர், தம்மாமுக்குச் சபுர் போய் மூன்றாண்டுகள் ஆகின்றன. விசாவுக்காக வீட்டை ஒத்திக்கு வைத்திருக்கிறார்கள். ஜைனம்புவுக்கு ஓதத் தெரியும். தமிழ் படிக்கத் தெரியாது. கணவன் எழுதும் கடிதத்தை அடுத்த வீட்டாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது இருவருக்கும் பிடிக்கவில்லை. ஆகவே அந்நாளில் நம் ஊர்களில் பலரும் செய்ததுபோல், காதர் கேசட்டில் பேசி, ஊருக்கு வருவோர் கையில் கொடுத்தனுப்புகிறார். உறையின்மேல் பச்சை மையில் ஒரு பிறை வரைந்திருப்பார், அதுதான் அடையாளம். வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு ஜைனம்பு கேசட்டை ஓடவிடுவாள். மாமியாருக்குக் காது மந்தம். மகன் பேசுவதை மருமகள் ஒவ்வொரு சொல்லாக உரத்துச் சொல்ல வேண்டும். பதினான்காவது கேசட் வருகிறது. உறையில் அதே பச்சைப் பிறை. உள்ளே பேசுகிறவன் வேறொருவன். அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டே ஜைனம்பு மாமியாரின் பக்கம் திரும்பி, கணவன் நலமாக இருப்பதாகவும் நோன்புக்கு வந்துவிடுவதாகவும் சொல்கிறாள்.

இது நாவலின் இருபத்திரண்டாம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் அந்தப் பொய்யை அவள் வாரந்தோறும் வளர்க்க வேண்டியிருக்கிறது. பின்னே வருவதெல்லாம் வரட்டும். நாவலின் பெயர் 'பதினாலாவது கேசட்'.

இதற்கு நம்மில் பெரும்பாலோர் முதலில் எழுதும் பின்னட்டைக் குறிப்பு இப்படி இருக்கும்:

"வளைகுடா வாழ்க்கையின் வலிகளையும், பிரிவுத் துயரில் வாடும் பெண்களின் கண்ணீரையும் உயிரோட்டத்துடன் சித்திரிக்கும் உன்னதப் படைப்பு. பாசம், ஏக்கம், தியாகம் ஆகிய உணர்வுகளின் சங்கமம். ஜைனம்பு நம் நெஞ்சை விட்டு நீங்காத பாத்திரம். எதிர்பாராத திருப்பங்களுடன், படிப்போர் கண்களைக் குளமாக்கும் முடிவைக் கொண்ட இந்நாவல் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஒன்று."

இதில் இலக்கணப் பிழை இல்லை. பிழை வேறிடத்தில் இருக்கிறது. ஜைனம்பு என்ற பெயரைக் கையால் மூடிக்கொண்டு மீண்டும் படித்துப் பாருங்கள். வளைகுடாவைப் பற்றி எழுதப்பட்ட எந்த நாவலின் பின்னட்டையிலும் இதை ஒட்டிவிடலாம். வேறு நூலுக்கும் பொருந்துகிற வாக்கியம் இந்த நூலுக்கு உரியது அன்று, அதை அடித்துவிடலாம். அப்படி அடித்துக்கொண்டே போனால் மேற்கண்ட குறிப்பில் மிஞ்சுவது ஜைனம்பு என்ற பெயர் மட்டுமே. பச்சைப் பிறை எங்கே? காது மந்தமான மாமியார் எங்கே? இந்தக் கதையை இந்தக் கதையாக்குவது அவை அல்லவா!

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு செய்தியையும் சொல்லாத இந்தக் குறிப்பு, முடிவை மட்டும் சொல்லிவிட்டது. "கண்களைக் குளமாக்கும் முடிவு" என்றால் காதர் திரும்பி வந்து கதவைத் தட்டப்போவதில்லை என்று யாரும் ஊகித்துவிடுவார்கள். "தியாகம்" என்ற சொல்லும் அப்படியே. யாரோ எதையோ விட்டுக்கொடுக்கப் போகிறார்கள். முடிவைக் காட்டிக் கொடுப்பவை பெரும்பாலும் நிகழ்ச்சிகள் அல்ல. இத்தகைய உணர்ச்சிச் சொற்களே. "மனமாற்றம்", "மறுமலர்ச்சி", "வெற்றிப் பயணம்", "மீண்டெழுந்த கதை" ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆசிரியர் நிகழ்ச்சியைக் கவனமாக மறைத்துவிட்டு, அதன் நிறத்தை வெளியே தொங்கவிட்டுவிடுகிறார். "எதிர்பாராத திருப்பம்" என்பதோ தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் சொல். படித்த கணத்திலிருந்து வாசகர் அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

ஆங்கிலத்தில் இத்தகைய குறிப்பை 'ப்ளர்ப்' என்கிறார்கள். அச்சொல்லே கேலியாகப் பிறந்தது. 1907இல் கெலட் பர்ஜெஸ் என்னும் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர், மேலட்டைகளில் கூவும் புகழுரைகளைப் பரிகசிக்க, பெலிண்டா ப்ளர்ப் என்ற கற்பனைப் பெண் கூவுவதுபோல் ஓர் அட்டையை அச்சிட்டார். கேலி மறைந்தது, பெயர் நிலைத்தது. புகழுரையும் மறையவில்லை.

சரி, புகழ்ச்சியை நீக்கிவிட்டோம். அடுத்து வருவது வேறு வகை இடர். எழுதுகிறவர் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்குகிறார்: ஜைனம்பு இன்ன ஊரில் பிறந்தாள், இன்னாரின் மகள், இன்ன வயதில் காதருக்கு வாழ்க்கைப்பட்டாள், கைக்கூலிக்காகத் தகப்பனார் தோப்பை விற்றார், காதரின் தம்பி ஊர் சுற்றினான்... எழுபது சொற்கள் முடிந்துவிட்டன. கேசட் இன்னும் ஓடவில்லை. நாவலாசிரியருக்குத் தம் பாத்திரங்கள் எல்லோரும் பிள்ளைகள். ஒருவரை விட்டுவிட மனம் வராது. ஆனால் கடையில் நிற்கிறவருக்கு ஆறு பெயர்களை நினைவில் வைக்கப் பொறுமை இல்லை. பின்னட்டைக்கு ஒரு பெயர் போதும், மிஞ்சினால் இரண்டு. மற்றவர்களை "மாமியார்", "ஒத்திக்கு வாங்கியவர்" என்று உறவாலோ தொழிலாலோ சுட்டினால் போதும்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? இங்கே நமக்கு ஓர் அழகிய வழிகாட்டல் இருக்கிறது. வேதத்தை மனிதர் எழுதும் கதையோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கருத வேண்டா. வரலாறு எடுத்துரைக்கப்படும் ஒழுங்கை மட்டுமே கருதிச் சொல்கிறேன். 'யூசுஃப்' அத்தியாயம் நூற்றுப்பதினொரு வசனங்களைக் கொண்டது. நான்காம் வசனத்திலேயே யூசுஃப் நபி (அலை) தாம் கண்ட கனவைத் தந்தையிடம் சொல்லிவிடுகிறார்கள்: பதினொரு விண்மீன்களும் சூரியனும் சந்திரனும் தமக்குப் பணிந்த கனவு. அடுத்த வசனத்தில் தந்தையின் எச்சரிக்கை: இதைச் சகோதரர்களிடம் சொல்லிவிடாதே. அந்தக் கனவின் விளக்கம் இதுதான் என்று வெளிப்படுவதோ நூறாம் வசனத்தில்! பிறப்பு, வளர்ப்பு என்று தொடங்காமல், மனத்தைப் பற்றி நிறுத்தும் ஒன்று முதலில் வந்துவிடுகிறது. உடனே அதனோடு ஓர் ஆபத்தும் சேர்கிறது. பொருள் மட்டும் கடைசிவரை காத்திருக்கிறது.

பின்னட்டைக்கு வேண்டியவை இவ்விரண்டே. மனத்தை நிறுத்தும் ஒரு நிகழ்ச்சி. அதனால் யாருக்கு என்ன இழப்பு நேரலாம் என்பது. இவ்விரண்டும் பெரும்பாலான நாவல்களில் முதற் கால்பகுதிக்குள் வந்துவிடும். இருநூற்று நாற்பது பக்க நாவலில் அறுபதாம் பக்கத்திற்குப் பின் நடப்பது எதுவும் பின்னட்டைக்கு வரலாகாது என்று ஒரு வேலியைப் போட்டுக்கொள்ளுங்கள். "முடிவை மறைத்தால் சொல்ல ஒன்றுமே இல்லை" என்று சகோதரி எழுதினாரே, அந்தக் கவலை இங்கே தீர்கிறது. முதல் அறுபது பக்கங்களில் சொல்லத்தக்கது ஒன்றும் இல்லையென்றால், குறை பின்னட்டையில் இல்லை; நாவல் தாமதமாகத் தொடங்குகிறது. அதை அச்சுக்கு முன்பே அறிந்துகொள்வது நல்லதுதான்.

இப்போது நம் கதைக்கு எழுதிப் பார்ப்போம்.

"1988. வெள்ளிக்கிழமைதோறும் இஷாவுக்குப் பின் அந்த வீட்டில் கேசட் ஓடும். தம்மாமிலிருந்து கணவன் பேசியனுப்புவதை ஜைனம்பு கேட்பாள். காது மந்தமான மாமியாருக்கு ஒவ்வொரு சொல்லாக உரத்துச் சொல்வாள்.

பதினாலாவது கேசட்டில் பேசுகிறவன் வேறொருவன்.

ஜைனம்பு அதை நிறுத்தவில்லை. மாமியாரின் பக்கம் திரும்பி, 'நல்லா இருக்காகளாம் மாமி. நோன்புக்கு வந்துருவாகளாம்' என்கிறாள்.

நோன்புக்கு இன்னும் நாற்பது நாள். வீட்டை ஒத்திக்கு வாங்கியவர் வைத்த தவணையும் அதுதான்."

நூறு சொற்கள்கூட ஆகவில்லை. முதற்பத்தி ஒரு வழக்கத்தைச் சொல்கிறது. வழக்கம் தெரிந்தால்தான் அது முறிவது தைக்கும். இரண்டாம் பத்தி ஒரே வரி. தனியே நிற்பதால் நூலைத் திருப்பியவுடன் கண் அங்கேதான் முதலில் விழும். மூன்றாம் பத்தியில் ஜைனம்பு ஒன்றைச் செய்கிறாள். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். முதல் குறிப்பில் அவள் துன்பப்பட்டாள். இங்கே அவள் தீர்மானிக்கிறாள். துன்பப்படுகிறவளுக்காக வாசகர் இரக்கப்பட்டு நகர்ந்துவிடுவார். பொய் சொல்லிவிட்டவளோடு, அடுத்த வெள்ளிக்கிழமை என்ன சொல்வாள் என்று பார்க்க நின்றுவிடுவார். கடைசிப் பத்தி நாளைக் குறிக்கிறது. நாற்பது நாள் என்றவுடன் கதைக்கு ஒரு கடிகாரம் வந்துவிட்டது. ஒத்தி என்ற ஒரு சொல்லால் வீடும் பணயத்தில் இருப்பது தெரிந்துவிட்டது.

இதில் கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. "காதருக்கு என்ன ஆயிற்று? ஜைனம்பு என்ன செய்யப்போகிறாள்? விடை நாவலில்!" என்று முடிக்கக் கை பரபரக்கும். தொடர்கதைக்கு அடியில் அது பொருந்தும், பின்னட்டையில் வேண்டா. கேள்வி வாசகரின் மனத்தில் தானாக எழ வேண்டும். நாம் கேட்டுவிட்டால் அவர் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

அந்த அயலான் கேசட்டில் என்ன பேசினான் என்பதையும் குறிப்பு சொல்லவில்லை. நாவலில் அது அடுத்த பக்கத்திலேயே வந்துவிடலாம். சொல்வதால் முடிவு கெட்டுவிடாது. ஆயினும் சொல்லாமல் இருப்பதே அடுத்த பக்கத்தைத் திறக்க வைக்கிறது. ஆனால் இதில் ஒரு கடமை இருக்கிறது. அடுத்த பக்கத்தைத் திறந்தால், காதருக்குத் தொண்டைக் கட்டு, ஆகவே நண்பன் பேசினான் என்று இருந்தால்? வாசகர் ஏமாற்றப்பட்டார். சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் இருக்கக் கண்டு வணிகரைக் கடிந்த செய்தியை ஸஹீஹ் முஸ்லிமில் நீங்கள் படித்திருப்பீர்கள். ஈரத்தை மேலே வைத்திருந்தால் வாங்குபவர் பார்த்திருப்பாரே என்பது அவர்களின் கேள்வி. பின்னட்டை என்பது குவியலின் மேற்புறம். அமைதியான குடும்பக் கதையை மர்மக் கதைபோல் காட்டி விற்பது, ஈரத்தின்மேல் காய்ந்த மணியைப் பரப்புவதே. மறைக்கலாம், ஆனால் மறைத்ததற்குத் தக்க பொருள் உள்ளே இருக்க வேண்டும். மறைப்பது வேறு, பொய்யாகக் காட்டுவது வேறு.

இதனோடு ஒட்டிய இன்னொன்றை நம் சமுதாய எழுத்தாளர்களுக்குச் சொல்லியாக வேண்டும். முஸ்லிம் பெண் எழுதிய நாவல் என்றாலே, "திரைக்குப் பின்னால் ஒலிக்கும் விம்மல்", "பூட்டிய வாசல்களுக்குள் ஓர் எட்டிப் பார்ப்பு" என்று எழுத ஆசைப்படும் பதிப்பாளர்கள் இருக்கிறார்கள். நாவல் அதைத்தான் பேசுகிறது என்றால் அப்படியே எழுதட்டும். மறுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் ஜைனம்புவின் கதை ஒரு பொய்யைப் பற்றியது, ஒரு வீட்டைப் பற்றியது, ஒரு கிழவியின் நம்பிக்கையைப் பற்றியது. அதன்மேல் திரையைத் தொங்கவிட்டால் ஆர்வத்தோடு வாங்குகிறவர் ஏமாறுவார். வாங்க வேண்டியவர் வாங்காமல் போவார். அதே போழ்து, நம்மவர் சிலர் எதிர்ப்பக்கம் சென்று, "மார்க்க நெறி வழுவாத நற்குடும்பக் காவியம்" என்று நற்சான்று ஒட்டச் சொல்வதும் எனக்கு உடன்பாடன்று. அதுவும் கதையைச் சொல்லவில்லை.

சொற்களைப் பற்றியும் சிறிது. மேலே உள்ள குறிப்பில் இஷா, நோன்பு, ஒத்தி ஆகிய சொற்கள் வருகின்றன. பிற சமயச் சகோதரர் ஒருவர் படித்தால் நோன்பு விளங்கும், ஒத்தி விளங்கும், இஷா என்பது இரவுத் தொழுகை என்று தெரியாவிட்டாலும் ஏதோ ஒரு வேளை என்று இடம் நோக்கி உணர்ந்துகொள்வார். சபுர் என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டேன். விளக்கம் இல்லாமல் அது வெளியூராருக்கு நிற்காது. பின்னட்டையில் அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதத் தொடங்கினால் ஓட்டம் கெட்டது. நம் மண்ணின் மணம் வேண்டும் என்றால் மாமியாரிடம் சொல்லும் அந்த ஒரு பேச்சு வரி போதும். "இருக்காகளாம்" என்பதைத் தூய தமிழில் திருத்த முன்வருவார்கள்; விட்டுவிடாதீர்கள்.

எழுதி முடித்தபின் சோதித்துப் பார்க்க இரண்டு வகை ஆள்கள் வேண்டும். நாவலைப் படிக்காத மூவரிடம் குறிப்பைக் கொடுத்து, "கதை எப்படி முடியும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். மூவரும் மூன்று விதமாகச் சொன்னால் குறிப்பு நன்று. மூவரும் ஒரே முடிவைச் சொல்லி, அதுவே உங்கள் முடிவாகவும் இருந்தால், எந்தச் சொல்லிலிருந்து ஊகித்தார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். விரலை வைத்துக் காட்டுவார்கள். மூவரும், "தெரியவில்லை, என்ன கதை இது?" என்றால் மறைத்தது மிகையாகிவிட்டது. பிறகு நாவலைப் படித்த ஒருவரிடம் கொடுத்து, "நீங்கள் படித்த நூல் இதுதானா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் தயங்கினால் மீண்டும் எழுத வேண்டும். ஆசிரியர் தாமே இச்சோதனையைச் செய்துகொள்ள இயலாது. அவருக்கு முடிவு தெரியும்.

முடிவு வேறு வழிகளிலும் கசியும். அட்டை ஓவியத்தில் ஜைனம்புவைக் கைம்பெண் கோலத்தில் வரைந்துவிட்டால் நூறு சொற்களும் வீண். ஆசிரியர் அறிமுகத்தில், "தம் தாயின் வாழ்வில் நடந்ததையே நாவலாக்கியுள்ளார், அத்தாய் இன்றும் தம் கணவருடன் வாழ்கிறார்" என்று எழுதினாலும் அப்படியே. அறிமுகம் இரண்டு வரி இருக்கட்டும்: ஊர், செய்யும் தொழில், இது முதல் நாவல் என்பது. முதல் நாவல் என்று சொல்லக் கூச வேண்டா. புதிய குரலைத் தேடி வருகிறவர்களும் கண்காட்சியில் இருக்கிறார்கள். படம் போட விருப்பமில்லாத சகோதரிகள் போடாமல் விடலாம். அந்த இடத்தைக் குறிப்பு தாராளமாக எடுத்துக்கொள்ளும்.

இடம் என்றதும் அச்சுக் கூடத்தின் பக்கம் ஒரு பார்வை. நம் நாவல்கள் பெரும்பாலும் டெம்மி அளவில், ஏறத்தாழ ஐந்தரை அங்குல அகலமும் எட்டரை அங்குல உயரமும் கொண்டு வெளிவருகின்றன. பின்னட்டையின் கீழ்ப்பகுதியைப் பதின்மூன்று இலக்க ஐ.எஸ்.பி.என். எண், அதன் கோட்டுக் குறி, விலை, பதிப்பக முகவரி ஆகியவை எடுத்துக்கொள்ளும். கோட்டுக் குறியைச் சுற்றி வெள்ளை இடம் விட வேண்டும். மீதியில் படிக்கத்தக்க எழுத்தில் நூறு, மிஞ்சினால் நூற்றிருபது தமிழ்ச் சொற்கள் இடங்கொள்ளும். ஆங்கிலத்தில் நூற்றைம்பது சொல் எழுதுகிறார்களே என்று ஒப்பிடாதீர்கள். அவர்களின் மூன்று சொல் நம் ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. சொல் மிகுந்தால் வடிவமைப்பாளர் எழுத்தைச் சிறிதாக்குவார். கறுப்புப் பின்புலத்தில் சிறிய வெள்ளை எழுத்து, நாற்பதைக் கடந்த கண்களுக்குப் பகை.

கடைசியாக, அட்டையின் மெய்ப்பை நாவலோடு வைத்து ஒப்பிடுங்கள். நாவலைத் திருத்தும்போது பாத்திரத்தின் பெயரோ ஆண்டோ மாறியிருக்கும். பின்னட்டைக் குறிப்பு பழைய படியிலேயே நின்றுவிட்டிருக்கும். உள்ளே பதினைந்தாவது கேசட், வெளியே பதினாலாவது என்று வந்துவிட்டால், அதை முதலில் கண்டுபிடிப்பவர் மதிப்புரையாளராகத்தான் இருப்பார். உரத்தும் ஒரு முறை படித்துப் பாருங்கள். எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறதோ அங்கே வாக்கியம் நீண்டிருக்கிறது.

சகோதரி தம் குறிப்பை எழுதி மூவரிடம் காட்டியபின், அம்மூவரும் சொன்ன மூன்று முடிவுகளையும் எனக்கு எழுதியனுப்பட்டும். நாவலின் உண்மையான முடிவை மட்டும் எழுத வேண்டா. நூல் வெளிவந்ததும் வாங்கியே படித்துக்கொள்கிறேன், இன்ஷா அல்லாஹ்.